தேய்மானப் பிழையையும் ஆயுள் மாற்றத்தையும் ஒரே என்ட்ரியில் முடிக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் உள்ளது. அதனால் நாங்களும் இண்ட் ஏஎஸ்தான். 2021 ஏப்ரல் 1 அன்று 3 கோடி ரூபாய்க்கு ஒரு சிஎன்சி லைன் போட்டோம். எங்கள் கணக்குக் கொள்கைப்படி இயந்திரங்களுக்கு ஆயுள் 15 ஆண்டு, எச்சமதிப்பு 5%. ஆனால் சொத்துப் பதிவேட்டில் இதைத் தொழிற்சாலைக் கட்டடம் என்ற வகையில் ஏற்றிவிட்டதால் 30 ஆண்டுக் கணக்கில் நான்கு வருடம் தேய்மானம் போயிருக்கிறது. 2025-26 கணக்கு முடிக்கும்போதுதான் பார்த்தேன். இதற்கிடையே 2025 அக்டோபர் 1 அன்று வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது: 2031 செப்டம்பரோடு அந்தப் பாகம் வேண்டாம் என்று. அந்த லைனை வேறு வேலைக்கு மாற்ற முடியாது. மேலாளர், "இரண்டையும் சேர்த்து ஆயுள் மாற்றம் என்று காட்டி மீதி வருடங்களில் பரப்பிவிடு" என்கிறார். ஆடிட்டர், "ஓப்பனிங் ரிட்டெய்ன்டு எர்னிங்ஸில் எடுக்க வேண்டும்" என்கிறார். கடந்த ஆண்டு வரிக்கு முந்தைய லாபம் 1.2 கோடி, இந்த ஆண்டு 1.4 கோடி வரும். எது சரி? வரி ரிட்டனையும் திருத்த வேண்டுமா?

பதில்:

2025 மார்ச் 31 வரையிலான பகுதிக்கு ஆடிட்டர் சொல்வது சரி. 2025 அக்டோபர் 1-க்குப் பிந்தைய பகுதிக்கு மேலாளர் சொல்லும் முறை சரி. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. வரிசையும் மாறக் கூடாது. முதலில் பிழையைத் திருத்தி, சொத்தின் புத்தக மதிப்பை அது இருந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் திருத்திய மதிப்பின் மேல்தான் புதிய ஆயுளை வைக்க வேண்டும். வரி ரிட்டனைத் தொட வேண்டியதில்லை, காரணம் கீழே.

இரண்டையும் பிரித்துப் பார்க்க இண்ட் ஏஎஸ் 8 தரும் உரைகல் ஒரு கேள்விதான்: அந்தக் கணக்கு கையெழுத்தான நாளில் சரியான தகவல் கிடைக்கும் நிலையில் இருந்ததா, நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தால் அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்க முடியுமா? முடியும் என்றால் அது முந்தைய காலப் பிழை. உங்கள் விஷயத்தில் 2021-22 கணக்கு கையெழுத்தானபோதே இன்வாய்ஸில் இயந்திரம் என்றுதான் இருந்தது, நிறுவல் அறிக்கையும் இருந்தது, கொள்கைக் குறிப்பில் 15 ஆண்டு என்று அச்சாகியும் இருந்தது. பதிவேட்டில் வகையைத் தேர்ந்தெடுத்தவர் தவறாகத் தேர்ந்தெடுத்தார். 30 ஆண்டு ஓடும் என்று யாரும் மதிப்பிடவில்லை. மதிப்பீடே நடக்காத இடத்தில் மதிப்பீட்டு மாற்றம் என்று சொல்ல இடமில்லை.

வாடிக்கையாளரின் கடிதம் அப்படியல்ல. அது 2025 அக்டோபரில் பிறந்த தகவல். அதற்கு முன் கையெழுத்தான எந்தக் கணக்கிலும் அதைப் பயன்படுத்தியிருக்க முடியாது. 15 ஆண்டு என்பது அப்போது கையில் இருந்த தகவலுக்கு நேர்மையான மதிப்பீடு. இப்போது நிலைமை மாறியதால் மதிப்பீடும் மாறுகிறது. ஆயுள், எச்சமதிப்பு இரண்டையும் ஒவ்வொரு ஆண்டு முடிவிலாவது மறுபார்வை செய்ய வேண்டும் என்றும், மாறினால் அதை மதிப்பீட்டு மாற்றமாகக் கொள்ள வேண்டும் என்றும் இண்ட் ஏஎஸ் 16 சொல்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு ஆசை வரும், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஓப்பனிங்கில்தான் எடுக்கிறோமே, ஆயுள் குறைந்ததையும் 2021-லிருந்தே பத்தரை ஆண்டு என்று வைத்து மொத்தத்தையும் அங்கேயே தள்ளிவிடலாம், இனிவரும் லாபம் பாதிக்காது" என்று யாராவது சொல்வார்கள். அதுவும் தவறு. பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் போட்ட மதிப்பீட்டைத் திருத்தக் கூடாது என்று அதே தரநிலை தெளிவாகத் தடுக்கிறது. பிழையை மதிப்பீடாக்கினால் பழைய செலவு வருங்கால லாபத்தில் ஒளிகிறது. மதிப்பீட்டைப் பிழையாக்கினால் வருங்காலச் செலவு எந்த வருட லாபத்தையும் தொடாமல் போய்விடுகிறது. கணக்கைப் படிப்பவர் இரண்டிலும் ஏமாறுகிறார்.

பிழையின் அளவு

எக்செலில் இரண்டே வரிகள் போதும்:

```
=SLN(30000000,1500000,15)   → 1900000
=SLN(30000000,1500000,30)   → 950000
```

போட்டிருக்க வேண்டிய ஆண்டுத் தேய்மானம் 19,00,000, போட்டது 9,50,000. ஆண்டுக்கு 9,50,000 குறைவு. இதை இரண்டு துண்டாக வெட்டுவதுதான் முக்கியம், ஏனென்றால் 2025-26 கணக்கில் ஒப்பீட்டுக்காக அச்சாவது 2024-25 ஒன்றுதான்.

2021-22, 2022-23, 2023-24 ஆகிய மூன்று ஆண்டுகளும் நீங்கள் வெளியிடும் பக்கத்தில் இல்லை. அவற்றின் 28,50,000, ஒப்பீட்டு ஆண்டின் தொடக்க நாளான 2024 ஏப்ரல் 1 இருப்பில் நேராக ஏறும். 2024-25 பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அந்த ஆண்டின் 9,50,000 அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கிலேயே, தேய்மான வரியில் ஏற வேண்டும். 38,00,000 மொத்தத்தையும் 2025 ஏப்ரல் 1 தொடக்க இருப்பில் ஒரே வரியாகக் கழித்துவிட்டு, 2024-25 பத்தியை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி விட்டால் படிப்பவர் பழைய ஆண்டின் தவறான லாபத்தோடு புதிய ஆண்டின் சரியான லாபத்தை ஒப்பிடுவார்.

வரி

வருமான வரிக்கு நீங்கள் புத்தகத் தேய்மானத்தைக் கூட்டிவிட்டு, வரிச் சட்டப்படி பிளாக் முறையில் 15% கழித்திருப்பீர்கள். அந்தக் கழிவு பதிவேட்டில் இருந்த 30 ஆண்டைப் பார்த்து வந்ததில்லை. எனவே வரிக்குரிய வருமானம் மாறவில்லை, ரிட்டனும் மாறாது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: வரிக் கணக்கீட்டிலும் இந்த லைன் கட்டடப் பிளாக்கில் 10% விகிதத்தில் போயிருக்கிறதா? சில அலுவலகங்களில் வரித் தேய்மான அட்டவணையைப் பதிவேட்டின் வகையை வைத்தே தயாரிப்பார்கள். அப்படிப் போயிருந்தால் அது தனிப் பிரச்சினை. வரி ஆலோசகரிடம் உடனே கொண்டுபோங்கள்.

மாறுவது ஒத்திவைக்கப்பட்ட வரி, அதாவது டெஃபர்ட் டாக்ஸ். இயந்திரத்தின் புத்தக மதிப்பு 38,00,000 குறைகிறது. வரிக்கான மதிப்பு அப்படியே நிற்கிறது. இடைவெளி சுருங்குகிறது, டெஃபர்ட் டாக்ஸ் பொறுப்பும் சுருங்குகிறது. நீங்கள் 115பிஏஏ பிரிவின் குறைந்த விகிதத்தை எடுத்த நிறுவனம் என்று கொண்டு, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.168% வைத்துக் கணக்கிடுகிறேன்.

2024 ஏப்ரல் 1 வரை: தேய்மானம் 28,50,000, டெஃபர்ட் டாக்ஸ் 7,17,288, தக்கவைத்த லாபத்தில் குறைவது 21,32,712.
2024-25 ஆண்டுக்கு: தேய்மானம் 9,50,000, டெஃபர்ட் டாக்ஸ் 2,39,096, லாபத்தில் குறைவது 7,10,904.
மொத்தம்: 38,00,000, 9,56,384, 28,43,616.

அந்த விகிதத்தை எடுக்காமல் புத்தக லாபத்தின் மேல் குறைந்தபட்ச மாற்று வரி கட்டும் நிறுவனமாக இருந்தால், "ரிட்டன் மாறாது" என்று மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. தக்கவைத்த லாபத்தில் நேராகக் கழித்த தொகையை அந்த வரிக்கு எப்படிக் கொள்வது என்பதைத் தனியாகக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என்ட்ரி எந்த ஆண்டில்?

லெட்ஜரும் அச்சாகும் கணக்கும் இங்கே வேறு வேறு வழியில் போகும். குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லெட்ஜரில் 2024-25 ஆண்டைத் திறந்து பழைய தேதியில் என்ட்ரி போடாதீர்கள். அந்த ஆண்டு தணிக்கையாகி, பொதுக்கூட்டத்தில் ஏற்கப்பட்டு, பதிவாளரிடம் தாக்கலும் ஆகிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் பதிவாக வேண்டும் என்பது விதி. மூடிய ஆண்டில் போடும் என்ட்ரி அந்தத் தடத்தில் அப்படியே நிற்கும், ஆடிட்டரும் அதைக் கேட்பார். நடப்பு ஆண்டின் முதல் நாளான 2025 ஏப்ரல் 1 தேதியில் ஒரே ஜர்னல் போதும்:

தக்கவைத்த லாபம் – பற்று 28,43,616
டெஃபர்ட் டாக்ஸ் பொறுப்பு – பற்று 9,56,384
திரண்ட தேய்மானம் (சிஎன்சி லைன்) – வரவு 38,00,000

விளக்கத்தில் பிழையின் தன்மை, சொத்து எண், கணக்கீட்டுத் தாளின் பெயர், யார் ஒப்புதல் தந்தார்கள் என்பதை எழுதுங்கள். 2024-25 பத்தியின் மறுபதிவு ஒரு தனித் தாளில் நடக்கும்: வெளியான தொகை, திருத்தம், திருத்திய தொகை என்று மூன்று பத்திகள். அந்தத் தாளின் முடிவு இருப்புகள் இந்த ஜர்னலுக்குப் பிந்தைய லெட்ஜர் தொடக்க இருப்போடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும். பழைய கணக்கை மறுபடி தாக்கல் செய்வதில்லை. நிறுவனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்திடம் போய்ப் பழைய நிதிநிலை அறிக்கையையே மாற்றுவது வேறு வழி, இதற்கு அது தேவையில்லை. மாறுவது இந்த ஆண்டு அறிக்கையில் வரும் ஒப்பீட்டுப் பத்தி மட்டும்.

அந்தத் தாளைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி பணப்புழக்க அறிக்கை. 2024-25-க்கு வரிக்கு முந்தைய லாபம் 9,50,000 குறையும், கூட்டிக்கொள்ளும் தேய்மானம் 9,50,000 கூடும், செயல்பாட்டுப் பணப்புழக்கம் ஒரு ரூபாயும் மாறாது. மாறினால் எங்கோ ஒரு பக்கத்தை மட்டும் திருத்தியிருக்கிறீர்கள்.

உற்பத்தி இயந்திரம் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். இதன் தேய்மானம் உற்பத்தி மேல்செலவில் சேர்ந்து சரக்கிருப்பின் மதிப்பிலும் ஏறும். ஆண்டு முடிவில் ஒரு மாத உற்பத்தி அளவுக்குச் சரக்கு இருந்தால், குறைத்துப் போட்ட தேய்மானத்தில் சுமார் 79,000 ரூபாய் லாபத்தில் விழாமல் இருப்பில் நின்றிருக்கும். உங்கள் அளவுக்கு இது சிறியது, விட்டுவிடலாம். ஆனால் பார்த்துவிட்டுத்தான் விட்டோம் என்று தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

இருப்புநிலைக் குறிப்பு மூன்றாகலாம்

திருத்தம் 2024 ஏப்ரல் 1 இருப்புகளை முக்கியமான அளவில் பாதித்தால், அந்த நாளுக்கான மூன்றாவது பேலன்ஸ் ஷீட்டையும் இண்ட் ஏஎஸ் 1 கேட்கிறது. உங்களிடம் அந்த நாளில் இயந்திர மதிப்பு 2,71,50,000-லிருந்து 2,43,00,000 ஆக இறங்குகிறது. உங்கள் மொத்தச் சொத்தையும் நிகர மதிப்பையும் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய முடியும். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள், பத்தி ஒன்றுதான் கூடும். அந்த மூன்றாவது பத்திக்கு எல்லா நோட்டுகளும் வேண்டியதில்லை; பிழைத் திருத்தம் பற்றிய விளக்கம் போதும்.

சமபங்கு மாற்ற அறிக்கையில் இதற்கென்றே அட்டவணை III ஒரு வரி வைத்திருக்கிறது: தொடக்க இருப்பு, கணக்குக் கொள்கை மாற்றம் அல்லது முந்தைய காலப் பிழையால் வந்த மாற்றம், மறுபதிவு செய்த தொடக்க இருப்பு. 2024 ஏப்ரல் 1 வரியில் 21,32,712 கழியும். 2024-25 லாப வரியில் வெளியான தொகைக்குப் பதில் 7,10,904 குறைந்த தொகை வரும். 2025 ஏப்ரல் 1-இல் மறுபடி ஒருமுறை 28,43,616 கழிக்காதீர்கள். முந்தைய ஆண்டின் திருத்திய முடிவு இருப்பே இந்த ஆண்டின் தொடக்கம். லெட்ஜரில் என்ட்ரி 2025 ஏப்ரல் 1-இல் இருப்பதால் இந்த இரட்டைக் கழிவு எளிதாக நடந்துவிடும்.

இனி ஆயுள் மாற்றம்

திருத்தத்துக்குப் பின் 2025 மார்ச் 31 அன்று லைனின் மதிப்பு 2,24,00,000. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பழைய, ஆனால் சரியான, 15 ஆண்டு மதிப்பீடே ஓடும்: ஆறு மாதத்துக்கு 9,50,000. அந்த மாதங்களில் பதிவேடு 30 ஆண்டுக் கணக்கில் 4,75,000 மட்டும் போட்டிருக்கும். மீதி 4,75,000-ஐ நடப்பு ஆண்டுத் தேய்மானமாகவே போடுங்கள். கணக்கு இன்னும் மூடவில்லை என்பதால் இது முந்தைய காலப் பிழை ஆகாது.

அக்டோபர் 1 அன்று மதிப்பு 2,14,50,000. எச்சமதிப்பு 15,00,000 போக 1,99,50,000. மீதி ஆயுள் 2031 செப்டம்பர் 30 வரை ஆறு ஆண்டு. ஆண்டுக்கு 33,25,000. இந்த ஆண்டின் பின்பாதிக்கு 16,62,500. ஆக 2025-26-க்கான தேய்மானம் 9,50,000 + 16,62,500 = 26,12,500. தொடக்க இருப்பில் எதுவும் இல்லை, ஒப்பீட்டுப் பத்தியிலும் எதுவும் இல்லை.

எச்சமதிப்பையும் அதே நாளில் மறுபடி பாருங்கள். வேறு வேலைக்கு உதவாத லைன் என்றால் 2031-இல் 15 லட்சம் வருமா, இரும்பு விலைதான் வருமா என்று உற்பத்திப் பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். அதோடு, ஒரு சொத்தின் பயன்பாடு முன்கூட்டியே முடியப்போகிறது என்பது மதிப்புக் குறைவுக்கான அறிகுறியும்கூட. அந்த ஆறு ஆண்டுகளில் லைன் ஈட்டும் பணம் 2,14,50,000-ஐத் தாங்குமா என்று இண்ட் ஏஎஸ் 36 படி பார்த்துவிட வேண்டும்.

மேலாளர் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவருக்கே எண்ணில் காட்டுங்கள். பிழையைத் திருத்தாமல் அக்டோபர் 1 மதிப்பு 2,57,25,000. எச்சமதிப்பு போக 2,42,25,000. ஆறால் வகுத்தால் ஆண்டுக்கு 40,37,500. சரியான தொகையைவிட ஆண்டுக்கு 7,12,500 கூடுதல். ஆறு ஆண்டுக்கு 42,75,000. அது எங்கிருந்து வந்தது என்றால் நான்கு ஆண்டுப் பிழை 38,00,000, நடப்பு ஆண்டின் முன்பாதியில் விட்ட 4,75,000. 2021-இல் ஓடிய இயந்திரத்தின் செலவை 2031-இல் விற்கும் பாகத்தின் மேல் ஏற்றுகிறோம். அந்தப் பாகத்தின் விலையைச் செலவுத் தாளைப் பார்த்துப் பேசுகிறவர்கள் என்றால், விலைப் பேச்சும் அதே அளவுக்குத் தவறாகும்.

மென்பொருளில் கவனம்

பதிவேட்டில் வகையை மாற்றி ஆயுளை 15 என்று திருத்திச் சேமித்துவிட்டுப் போய்விடாதீர்கள். சொத்து மென்பொருள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று, விட்டுப்போன தேய்மானம் முழுவதையும் நடப்பு ஆண்டு லாப நட்டக் கணக்கில் ஒரேயடியாகப் போடும். அல்லது தற்போதைய மதிப்பை மீதி ஆயுளுக்குப் பரப்பிவிடும். முதலாவதில் இந்த ஆண்டுத் தேய்மானம் 38 லட்சம் வீங்கும். இரண்டாவது மேலாளரின் வழியேதான், யாரும் சொல்லாமலே. உங்களுடையது எதைச் செய்கிறது என்று சோதனை நிறுவலில் ஒரு சொத்தை வைத்துப் பாருங்கள். பிறகு 38,00,000-ஐத் திரண்ட தேய்மானத் திருத்தமாகத் தனியாக ஏற்றி, வகையையும் ஆயுளையும் மாற்றி, அடுத்த மாதத்துக்கான தேய்மானம் 1,58,333 வருகிறதா என்று பாருங்கள். 19,00,000-ஐப் பன்னிரண்டால் வகுத்த தொகை அது. அதன் பிறகே அக்டோபர் 1 தேதியிட்டு மீதி ஆயுளை ஆறு ஆண்டாக்குங்கள். அப்போது மாதம் 2,77,083 வர வேண்டும்.

இதே தவறு இந்த ஒரு சொத்தோடு நின்றிருக்கும் என்று நம்பாதீர்கள். பதிவேட்டை எக்செலுக்கு எடுத்து, கட்டட வகையில் உள்ளவற்றை வடிகட்டி, விவரப் பத்தியில் இயந்திரம், பம்ப், கம்ப்ரஸர் போன்ற சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். அதே 2021 ஏப்ரலில் அதே நபர் ஏற்றிய மற்ற சொத்துகளையும் இன்வாய்ஸோடு ஒத்துப்பாருங்கள். திருத்தம் வெளியான பிறகு இரண்டாவது ஒன்று கிடைத்தால், இதே வேலையை அடுத்த ஆண்டும் செய்ய வேண்டிவரும்.

நோட்டில் என்ன எழுதுவது

பிழைக்கும் மதிப்பீட்டு மாற்றத்துக்கும் தனித்தனி நோட். பிழைக்கான நோட்டில் என்ன தவறு நடந்தது, 2024-25-இல் ஒவ்வொரு வரியும் எவ்வளவு மாறியது, 2024 ஏப்ரல் 1-இல் எவ்வளவு என்பது வர வேண்டும். பங்கு ஒன்றுக்கான வருவாயும் மாறும். உங்களிடம் 10 லட்சம் பங்குகள் இருந்தால் 2024-25-க்கு 71 காசு குறையும். "முந்தைய ஆண்டு எண்கள் தேவையான இடத்தில் மாற்றி அமைக்கப்பட்டுள்ளன" என்ற வழக்கமான ஒரு வரிக்குள் இதை ஒளிக்காதீர்கள். அந்த வரி வகைப்படுத்தலை மாற்றியதற்கு. பிழைக்குப் பிழை என்றே எழுத வேண்டும்.

மதிப்பீட்டு மாற்ற நோட்டில் காரணம், இந்த ஆண்டு விளைவு, வரும் ஆண்டுகளின் விளைவு. இந்த ஆண்டு தேய்மானம் 7,12,500 கூடுகிறது. 2026-27 முதல் 2030-31 வரை ஆண்டுக்கு 14,25,000 கூடும். 2031-32-இல் 2,37,500 குறையும். அதன் பிறகு 2035-36 வரை நான்கு ஆண்டுகளுக்கு 19,00,000 வீதம் குறையும், ஏனென்றால் அந்த ஆண்டுகளில் தேய்மானமே இல்லை. கூடுவதையும் குறைவதையும் சேர்த்தால் பூஜ்யம் வர வேண்டும், வருகிறது. ஆயுள் மாற்றத்தில் மொத்தச் செலவு மாறுவதில்லை, எந்த ஆண்டில் விழுகிறது என்பது மட்டுமே மாறும். பூஜ்யம் வரவில்லை என்றால் பிழையின் ஒரு துண்டு இதற்குள் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் தேவையா என்று கேட்பவர்களுக்கு

பின்னோக்கிய திருத்தம் முக்கியமான பிழைகளுக்குத்தான். சிறிய பிழையை நடப்பு ஆண்டிலேயே சரிசெய்துவிடலாம். உங்களுடையது சிறியதல்ல. 9,50,000 என்பது கடந்த ஆண்டு 1.2 கோடி லாபத்தில் ஏறக்குறைய 8%. ஆண்டுத் தொகையைச் சிறியது என்று வாதிட்டாலும், திரண்ட 38,00,000-ஐ இந்த ஆண்டு லாபத்தில் போட்டால் 1.4 கோடியில் 27% போய்விடும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்: ஒவ்வோர் ஆண்டின் பாதிப்பு, சேர்ந்து நிற்கும் இருப்பின் பாதிப்பு. ஏதாவது ஒன்று பெரிதாக இருந்தாலே பின்னோக்கித்தான் போக வேண்டும். லாபத்தை ஒரு குறிப்பிட்ட தோற்றத்தில் காட்டத் தெரிந்தே விட்ட பிழை என்றால் தொகை சிறிதானாலும் விடக் கூடாது.

இதைப் படிக்கும் மற்ற நிறுவனக் கணக்கர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன முறை இண்ட் ஏஎஸ் பின்பற்றும் நிறுவனங்களுக்கானது. இலங்கையில் எல்கேஏஎஸ் 8-உம் மலேசியாவில் எம்எஃப்ஆர்எஸ் 108-உம் இதே வழிதான். பழைய ஏஎஸ் முறையில் இருக்கும் இந்திய நிறுவனங்களுக்கு இது பொருந்தாது. ஏஎஸ் 5-இன்படி முந்தைய காலத் தொகை நடப்பு ஆண்டு லாப நட்டக் கணக்கிலேயே, தனியாகக் காட்டப்பட்டு, விழ வேண்டும். தொடக்க இருப்பைத் தொடக் கூடாது. 2014-இல் நிறுவனச் சட்டத்தின் அட்டவணை II வந்தபோது, மீதி ஆயுள் தீர்ந்துபோன சொத்துகளின் மதிப்பைத் தொடக்க இருப்பில் கழிக்க வழி தந்தார்கள். அது அந்த ஒரு மாறுதலுக்கான ஏற்பாடு. அந்த ஆண்டின் நோட்டைப் பார்த்து நகலெடுத்து இன்றைய தேய்மானப் பிழைக்குப் போட்டால் ஆடிட்டர் நிறுத்துவார், நிறுத்தவும் வேண்டும்.

உங்கள் தாய் நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள். அவர்களுடைய ஒருங்கிணைந்த கணக்கின் அளவுக்கு 38 லட்சம் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். அப்போது அவர்கள் நடப்பு ஆண்டு லாபத்திலேயே எடுத்துக்கொள்வார்கள், உங்கள் தனிக் கணக்கில் மட்டும் மறுபதிவு இருக்கும். இரண்டும் அதனதன் இடத்தில் சரிதான். ஆனால் அந்த வித்தியாசத்தை விளக்கும் ஒத்திசைவுத் தாள் நீங்கள் அனுப்பும் அறிக்கைத் தொகுப்போடு போக வேண்டும். வங்கிக் கடனுக்கு நிகர மதிப்பு விகித நிபந்தனை இருந்தால், திருத்திய 2025 மார்ச் 31 எண்ணை வைத்து அதை மறுபடி கணக்கிட்டு, கணக்கு கையெழுத்தாவதற்கு முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள்.